ரசீது மட்டும் போதுமா, கடிதமும் கேட்க வேண்டுமா, மூலநிதியாகவே கொடுத்துவிடலாமா?

அப்பா நினைவாக ஒரு லட்ச ரூபாய் கொடுக்கலாம் என்று ஒரு குடும்பம் முடிவு செய்திருக்கிறது. டெல்டா பக்கம் கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டும் ஒரு டிரஸ்ட் அவர்களுக்குத் தெரியும். அங்கே போன் போட்டு, "80ஜி ரசீது கிடைக்குமா? இந்தப் பணம் ஃபீஸுக்குத்தான் போகும் என்று எழுதித் தருவீர்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். ரசீது உடனே மெயிலில் வரும் என்றும், எழுதித் தருவதைப் பற்றி டிரஸ்டியிடம் கேட்டுச் சொல்வதாகவும், கார்பஸாக, அதாவது முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவழிக்கும் மூலநிதியாகக் கொடுத்தால் இன்னும் நல்லது என்றும் மூன்று பதில்கள் ஒரே மூச்சில் வந்தனவாம். இப்போது எதைத் தேர்ந்தெடுப்பது என்று என்னிடம் கேட்டார்கள். இதே குழப்பத்தோடு வேறு சிலரும் எழுதியிருந்ததால் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நன்கொடைக்கு வரிக்கழிவு தரும் 80ஜி முதலாக நான் சொல்லும் எண்கள் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் எண்கள், 2026 மார்ச் 31 வரை கொடுத்த நன்கொடைக்கு இவைதான். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. அதற்குப் பிறகு கொடுத்த பணம் என்றால் எண்களை ஆடிட்டரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது

நான்கே கேள்விகள்தான். வரியில் உண்மையிலேயே எவ்வளவு குறையும்? பணம் எதற்குப் போகிறது என்பதில் உங்கள் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு? அது போனதா இல்லையா என்று பிறகு எப்படித் தெரிந்துகொள்வது? டிரஸ்டுக்கு இதனால் எவ்வளவு வேலை கூடும்? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஆனால் ஐந்தாயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு மூன்று பக்க அறிக்கை கேட்கும்போது அந்த அறிக்கை எழுதும் ஆளின் சம்பளமும் யாரோ கொடுத்த நன்கொடையிலிருந்துதான் போகிறது.

முதல் கேள்வியில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் ரசீதுக்கு இல்லாத மதிப்பைக் கொடுத்துக்கொண்டு அலைகிறார்கள்.

புதிய வரிமுறையில் இருப்பவருக்கு 80ஜி கழிவே கிடையாது. 2025-26 நிதியாண்டுக்கு அந்த முறையில் 12 லட்சம் வரை, சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை, வரியே வராது என்பதால் பென்ஷன்காரர்களும் நடுத்தரச் சம்பளக்காரர்களும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு 80ஜி ரசீதின் வரி மதிப்பு பூஜ்யம். 'பத்திரமா வச்சுக்கோங்க, டாக்ஸ்ல கழிச்சுக்கலாம்' என்று டிரஸ்ட் ஆள் சொல்வது அவர்களைப் பொறுத்தவரை வெறும் மரியாதைப் பேச்சு.

பழைய முறையிலேயே இருப்பவர்களுக்குத்தான் கணக்கு. வீட்டுக்கடன் வட்டி, வாடகைப்படி, பி.எஃப். எல்லாம் சேர்த்துப் பெரிய கழிவுகள் இருப்பவர்கள் இவர்கள். அவர்களுக்கும் முழுத் தொகை கழியாது. சாதாரண டிரஸ்ட் என்றால் கொடுத்ததில் பாதிதான் கழிவு, அதுவும் ஒரு வரம்புக்குள்: மற்ற கழிவுகளை எல்லாம் எடுத்த பிறகு மிஞ்சும் வருமானத்தில் 10 சதவீதத்துக்கு மேல் கொடுத்தது கணக்கிலேயே வராது.

மேலே சொன்ன குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன், ஆண்டுக்கு ஐந்து லட்சம் சொச்சம், வரி இல்லை. கோயம்புத்தூரில் இருக்கும் மகன் புதிய முறையில் இருக்கிறார். சென்னையில் இருக்கும் மகளுக்கு வாடகைப்படி, வீட்டுக்கடன் எல்லாம் இருப்பதால் பழைய முறைதான் லாபம், 30 சதவீத வரம்பில் வருகிறார், கழிவுகள் போக மிஞ்சும் வருமானம் 15 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். ஒரு லட்சத்தை மகள் கொடுத்தால் அது 10 சதவீத வரம்புக்குள் அடங்கிவிடும். பாதி, அதாவது 50,000 கழியும். அதற்கு 30 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 15,600 ரூபாய் மிச்சம். அதே ஒரு லட்சத்தை மகன் கொடுத்தாலும் அம்மா கொடுத்தாலும் மிச்சம் ஒன்றுமில்லை.

ஆக இந்தக் குடும்பம் முதலில் தீர்மானிக்க வேண்டியது யார் கணக்கிலிருந்து பணம் போகிறது என்பதை. ரசீது, பணம் கட்டியவர் பெயரிலும் பான் எண்ணிலும்தான் வரும். அம்மா கட்டிவிட்டு ரசீதை மகள் பெயரில் கேட்பது சரிவராது. அப்பா நினைவாக என்பதை ரசீதில் குறிப்பாக எழுதச் சொல்லலாம், அதற்குத் தடையில்லை.

## ஒரே பார்வையில்

பழைய முறை, 30 சதவீத வரம்பு, ஒரு லட்ச ரூபாய் என்று வைத்துக்கொண்டு:

| வழி | வரியில் மிச்சம் | எதற்குப் போகும் | பிறகு எப்படித் தெரியும் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| பொது நன்கொடை, ரசீது மட்டும் | 15,600 | டிரஸ்ட் முடிவு | ஆண்டறிக்கை வந்தால் உண்டு | உங்கள் பேச்சுக்கு எழுத்தில் ஆதாரம் இல்லை |
| குறிப்பிட்ட நோக்கம், ரசீதும் கடிதமும் | 15,600 | கடிதத்தில் உள்ளபடி | செலவுக் கடிதம் | எழுதுவதற்கு நேரம், சில வாரத் தாமதம் |
| மூலநிதி | 15,600 | முதல் அப்படியே இருக்கும், வட்டி மட்டும் செலவாகும் | டெபாசிட், தணிக்கைக் கணக்கு | ஆண்டுப் பலன் மிகச் சிறிது |
| முதலமைச்சரின் பொது நிவாரண நிதி | 31,200 | அரசு முடிவு | தனி நபருக்குக் கணக்கு வராது | நோக்கம் உங்கள் கையில் இல்லை |
| மாணவியின் கட்டணத்தை நேரே கட்டுவது | 0 | நீங்கள் கட்டும் இடத்துக்கே | கல்லூரி ரசீது | ஆளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்கள் தலையில் |

முதல் மூன்று வரிசைகளிலும் வரி மிச்சம் ஒன்றுதான் என்பதைப் பாருங்கள். அதனால் கடிதம் கேட்டால் வரிச்சலுகை போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். வரிச்சலுகை மட்டும்தான் குறி என்றால் நான்காவது வரிசைதான் முதலில் நிற்கும், அதில் நூறு சதவீதக் கழிவு, 10 சதவீத வரம்பும் கிடையாது. ஆனால் அதில் பெண்பிள்ளை ஃபீஸ் என்று நீங்கள் சொல்ல முடியாது.

## ரசீது மட்டும் வாங்கிக்கொண்டு பொதுவாகக் கொடுப்பது

பத்தாயிரம் வரை என்றால் நான் இதைத்தான் சொல்வேன். டிரஸ்டை உங்களுக்குத் தெரியும், அவர்கள் வேலையைப் பார்த்திருக்கிறீர்கள், மின்கட்டணமோ வாட்ச்மேன் சம்பளமோ எதற்குப் போனாலும் சரி என்றால் பொது நன்கொடையைப் போல அவர்களுக்கு உதவியானது எதுவுமில்லை. எல்லோரும் குழந்தைகள் சாப்பாட்டுக்கே கொடுப்பார்கள், கூரை ஒழுகுவதற்கு யாரும் கொடுக்க மாட்டார்கள்.

ஆனால் ரசீது என்று வரும் காகிதம் எது என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பணம் போனதும் மெயிலில் வருகிற பிடிஎஃப், உங்களுக்கும் டிரஸ்டுக்கும் நடுவே உள்ள ஆதாரம் மட்டும்தான். 2021-22 நிதியாண்டிலிருந்து டிரஸ்ட் தனக்கு வந்த நன்கொடைகளை எல்லாம் கொடுத்தவர் பெயர், பான் எண்ணோடு வருமான வரித்துறைக்கு 10பிடி என்ற படிவத்தில் தெரிவிக்க வேண்டும். கடைசி நாள், நிதியாண்டு முடிந்த பிறகு வரும் மே 31. அதைத் தாக்கல் செய்த பிறகு துறையின் தளத்திலிருந்து உங்களுக்கென்று 10பிஇ சான்றிதழை எடுத்துத் தருவார்கள். கழிவு நிற்பது இதன் பலத்தில். அந்தப் பட்டியலில் நீங்கள் இல்லையென்றால் மெயிலில் வந்த ரசீது எத்தனை அழகாக அச்சாகியிருந்தாலும் கழிவு நிலைக்காது.

இதில் காலக்கணக்கைக் கவனியுங்கள். ஏப்ரல் மாதம் கொடுத்த பணத்துக்குச் சான்றிதழ் அடுத்த ஆண்டு மே மாதம்தான் வரும். நடுவே பதின்மூன்று மாதம். அதற்குள் அங்கே கணக்கு பார்ப்பவர் மாறிவிடுவார், உங்கள் பான் எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அது எங்கோ மேலே போய்விடும். பணம் அனுப்பிய அன்றே பெயர், முகவரி, பான், தொகை, தேதி, வங்கிப் பரிவர்த்தனைக்குரிய யூடிஆர் எண் எல்லாவற்றையும் ஒரே மெயிலில் போட்டுவிடுங்கள். மகளின் பான் எண்ணில் ஓர் எழுத்து தப்பாகப் பதிவானால் 15,600 ரூபாயும் போகும். நல்லவேளையாக டிரஸ்ட் அந்தப் படிவத்தைத் திருத்தித் தாக்கல் செய்ய வழியிருக்கிறது. தாக்கலே செய்யாமல் இழுத்தடித்தால் அவர்களுக்கு ஒரு நாளைக்கு 200 ரூபாய் கட்டணம் ஏறும், இதை மெல்ல நினைவுபடுத்தினாலே பாதி வேலை நடந்துவிடும்.

ரசீதில் பார்க்க வேண்டியது டிரஸ்டின் பான் எண்ணும், 80ஜி பதிவு எண்ணும், அந்தப் பதிவு எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை செல்லும் என்பதும். பழைய ரசீதுப் புத்தகத்தில் 'நிரந்தரமாகச் செல்லும்' என்று அச்சடித்த வரி இன்னும் சில இடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது அப்படி நிரந்தரம் எதுவுமில்லை, புதிதாகத் தொடங்கியவர்களுக்கு மூன்றாண்டுத் தற்காலிகப் பதிவு, மற்றவர்களுக்கு ஐந்தாண்டு, பிறகு புதுப்பிக்க வேண்டும். 80ஜி பதிவு உத்தரவின் நகலைக் கேளுங்கள், ஒழுங்காக நடக்கும் இடம் என்றால் அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள்.

அப்புறம் ரொக்கம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்குக் கழிவே இல்லை, முதல் 2,000க்குக்கூட இல்லை. அரிசி மூட்டை, துணி, பழைய கணினி என்று பொருளாகக் கொடுத்தாலும் 80ஜி வராது. இசைக்கச்சேரி டிக்கெட் வாங்கினீர்கள், வருமானம் டிரஸ்டுக்கு என்றால், உங்களுக்குப் பதிலுக்கு ஓர் இருக்கை கிடைத்துவிட்டது, அதை நன்கொடை என்று சொல்ல முடியாது.

## நோக்கத்தை எழுதிக் கொடுத்து, உறுதிக் கடிதம் வாங்குவது

தொகை ஐம்பதாயிரத்தைத் தாண்டினால், அல்லது ஒருவர் நினைவாக ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்றே கொடுத்தால், என் ஓட்டு இதற்குத்தான். மேலே சொன்ன குடும்பத்துக்கும் இதையே சொன்னேன்.

ஏன் எழுத்து வேண்டும் என்றால், பணம் போன பிறகு கேட்பதற்கு இடம் குறைவு. மகாராஷ்டிரத்தில் அறக்கட்டளைகளுக்கென்று ஆணையர் அலுவலகம் இருக்கிறது, போய் மனு கொடுக்கலாம். தமிழ்நாட்டில் கோயில் சார்ந்தவற்றுக்கு அறநிலையத்துறை உண்டு, சங்கமாகப் பதிவானவற்றுக்கு 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவாளர் உண்டு. ஃபீஸ் கட்டும் சாதாரண டிரஸ்ட் மாதிரி இடத்துக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆவது பிரிவில், அந்த அறக்கட்டளையில் அக்கறை உள்ள இரண்டு பேர் நீதிமன்ற அனுமதி பெற்று வழக்குப் போடலாம். ஒரு லட்ச ரூபாய்க்கு யார் அதைச் செய்யப் போகிறார்கள்? அதனால் பணம் போவதற்கு முன்னால் வாங்கும் ஒரு பக்கக் கடிதத்துக்குத்தான் மதிப்பு.

வரிசை முக்கியம். முதலில் நீங்கள் எழுதுங்கள், அவர்கள் லெட்டர்பேடில் டிரஸ்டி ஒருவர் கையெழுத்தோடு ஒப்புக்கொள்ளட்டும், பிறகு பணம். பணத்தை அனுப்பிவிட்டுக் கடிதம் கேட்டால் அது அவர்கள் தயவு.

அந்தக் குடும்பத்துக்காக எழுதிக் கொடுத்த மெயில் ஏறக்குறைய இப்படி:

> ஐயா, வணக்கம். என் தந்தையின் நினைவாக ரூ.1,00,000 நன்கொடை அளிக்க விரும்புகிறேன். என் வங்கிக் கணக்கிலிருந்து ஆன்லைனில் அனுப்புவேன். இத்தொகையைப் பின்வருமாறு பயன்படுத்தக் கோருகிறேன்: ரூ.90,000 இந்தக் கல்வியாண்டில் உங்கள் தேர்வுக் குழு தேர்ந்தெடுக்கும் மாணவியர் நால்வரின் கல்லூரிக் கட்டணத்துக்கு, ஒருவருக்கு ரூ.22,500 வரை, மீதி ரூ.10,000 உங்கள் நிர்வாகச் செலவுக்கு. நால்வர் கிடைக்காவிட்டால் மிச்சத்தைத் தேர்வான மாணவியரின் விடுதிக் கட்டணத்துக்கோ புத்தகத்துக்கோ பயன்படுத்தலாம். செப்டம்பர் 30க்குள் செலவாகவில்லை என்றால் எனக்கு எழுதிக் கேட்டுவிட்டு வேறு கல்விச் செலவுக்கு மாற்றலாம். அக்டோபரில் செலவு விவரத்தை ஒரு பக்கக் கடிதமாகத் தந்தால் போதும். மாணவியரின் பெயரோ படமோ வேண்டாம். இது மூலநிதிக்கான நன்கொடை அல்ல. சம்மதம் என்றால் கடிதம் மூலம் தெரிவிக்கவும், அதன் பிறகு பணம் அனுப்புகிறேன்.

இதில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. நிர்வாகச் செலவுக்கு நீங்களே ஒரு பங்கு ஒதுக்கினால் கடிதம் கேட்பது அவர்களுக்குப் பாரமாக இருக்காது, பிறகு 'கொஞ்சம் அலுவலகச் செலவுக்கு எடுத்துக்கொண்டோம்' என்ற இழுவையும் வராது. எத்தனை சதவீதம் என்பதை அவர்களிடமே கேட்டுவிட்டுப் போடலாம், பத்து என்பது இங்கே பேசி வைத்த கணக்கு.

மாற்று ஏற்பாடு சொல்லும் வரிதான் முக்கியமானது, பலர் விடுவதும் அதைத்தான். எங்கள் ஊர் ஒன்றியம், அரசுப் பள்ளி, நர்சிங் படிப்பு, அப்பா இல்லாத பெண் என்று நிபந்தனைகளை இறுக்கிக்கொண்டே போனால் அந்த ஆண்டு அப்படி ஒரு பெண் விண்ணப்பிக்காமலே போகலாம். பணம் செலவாகாமல் அவர்கள் கணக்கில் தூங்கும், அவர்களும் அந்த ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தைச் செலவழித்தாக வேண்டும் அல்லது முறையாக ஒதுக்கிவைக்க வேண்டும் என்ற வரிச்சட்டக் கணக்கில் மாட்டிக்கொள்வார்கள். அப்போது இரண்டு பக்கமும் மனஸ்தாபம். நோக்கத்தை அகலமாக வையுங்கள், காலக்கெடுவைக் குறுகலாக வையுங்கள்.

இன்னாருக்குக் கொடுங்கள் என்று ஓர் ஆளின் பெயரை எழுதாதீர்கள். உங்கள் சொந்தக்காரப் பெண்ணுக்கு டிரஸ்ட் வழியாக ஃபீஸ் கட்டிவிட்டு 80ஜியும் எடுப்பது என்பது வரித்துறை கண்ணில் நன்கொடையே இல்லை, டிரஸ்டின் பதிவுக்கும் தலைவலி. தேர்வு அவர்கள் கையில்தான் இருக்க வேண்டும்.

செலவுக் கடிதத்துக்கு ஆடிட்டர் கையெழுத்து வேண்டும் என்று சிலர் அடம்பிடிக்கிறார்கள். கம்பெனிகள் கோடிக்கணக்கில் கொடுக்கும்போது ஆடிட்டர் சான்றளித்த பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்பது வழக்கம், டிரஸ்ட் ஆட்கள் சுருக்கமாக 'யூசி' என்பார்கள். ஒரு லட்சத்துக்கு அது வேண்டாம், அந்த ஆடிட்டர் கட்டணத்தில் ஒரு பெண்ணுக்குப் புத்தகம் வாங்கிவிடலாம். டிரஸ்டி கையெழுத்திட்ட கடிதம், தொகை, தேதி, எத்தனை பேர், எந்தக் கல்லூரிகள் என்ற விவரம், பெயரை மறைத்த கட்டண ரசீதுகளின் நகல், அவ்வளவுதான். படம் கேட்பதை மட்டும் விட்டுவிடுங்கள். காசோலையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் பதினெட்டு வயதுப் பெண்ணின் முகத்தைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

கடிதம் தரவே முடியாது என்றால்? சின்ன டிரஸ்டில் எழுதத் தெரிந்த ஆள் இல்லாமல் இருக்கலாம், அதனால் நான் நேரே சந்தேகப்பட மாட்டேன். நீங்களே வாசகத்தை டைப் செய்து அனுப்பி, 'ஒப்புக்கொள்கிறோம்' என்று அவர்கள் அதிகாரபூர்வ மெயிலிலிருந்து ஒரு வரிப் பதில் வந்தாலும் போதும். அதற்கும் தயங்கினால், 'சார், அதெல்லாம் எங்க வழக்கத்துல இல்ல, ரசீது தர்றோம்ல' என்றே திரும்பத் திரும்ப வந்தால், பணத்தைப் பொது நன்கொடையாக நினைத்துக்கொள்ள உங்களுக்குச் சம்மதமா என்று பாருங்கள். இல்லையென்றால் வேறு இடம்.

## மூலநிதியாகக் கொடுப்பது

கார்பஸ் என்று டிரஸ்டுகள் சொல்வது இதைத்தான். பணத்தைச் செலவழிக்காமல் வங்கி டெபாசிட் மாதிரி சட்டம் அனுமதித்த இடத்தில் போட்டு, வருகிற வட்டியை மட்டும் ஆண்டுதோறும் செலவழிப்பது. அப்பா பெயரில் என்றென்றும் ஓர் உதவித்தொகை என்று கேட்கும்போதே மனசு இளகிவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சத்துக்கு ஆறரை சதவீதம் வட்டி என்று வைத்தால் ஆண்டுக்கு 6,500 ரூபாய். ஒரு பெண்ணின் ஒரு ஆண்டுக் கட்டணம் 22,500 என்றால் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வட்டி அதே அளவில் நிற்கும், கட்டணம் ஏறிக்கொண்டே போகும், பத்தாண்டு கழித்து அந்த 6,500 பஸ் பாஸுக்கும் நோட்டுக்கும்தான் ஆகும். இந்தக் குடும்பத்துக்கு முதல் வருஷமே நால்வருக்கு ஃபீஸ் கட்டுவதா, வருஷாவருஷம் 6,500 ரூபாயா என்று கேட்டபோது அம்மா யோசிக்கவே இல்லையாம்.

அப்படியானால் டிரஸ்ட் ஏன் கார்பஸ் நல்லது என்றது? அவர்கள் பக்கம் நியாயமான காரணம் இருக்கிறது. மூலநிதிக்கென்று எழுத்தில் குறிப்பிட்டுக் கொடுத்த பணம், முறைப்படி தனியாக முதலீடு செய்து வைத்திருந்தால், 85 சதவீதம் செலவழிக்க வேண்டும் என்ற கணக்குக்கு வெளியே நிற்கும். கட்டடமோ நிலையான வருமானமோ தேடும் டிரஸ்டுக்கு அது பெரிய வசதி. இதில் தப்பு இல்லை, ஆனால் அது அவர்கள் வசதி என்பதை நீங்கள் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும்.

இங்கே ஒரு கண்ணி. மூலநிதி என்பது கொடுப்பவரின் குறிப்பான எழுத்து வழிகாட்டலோடு வர வேண்டும் என்று சட்டம் சொல்வதால், சில இடங்களில் நன்கொடைப் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் 'இத்தொகையை அறக்கட்டளையின் மூலநிதிக்காக அளிக்கிறேன்' என்று அச்சடித்தே வைத்திருப்பார்கள், ஆன்லைன் படிவத்தில் அந்தக் கட்டம் முன்கூட்டியே டிக் ஆகியிருக்கும். ஃபீஸுக்கென்று வாயால் சொல்லிவிட்டு அதில் கையெழுத்துப் போட்டால், எழுத்தில் இருப்பது மூலநிதிதான். மேலே உள்ள மெயிலில் 'இது மூலநிதிக்கான நன்கொடை அல்ல' என்ற வரி வந்தது இதற்காக.

மூலநிதி எப்போது நல்ல தேர்வு? தொகை ஐந்து லட்சத்துக்கு மேல் போகும்போது, டிரஸ்ட் பல ஆண்டுகளாகத் தணிக்கைக் கணக்கோடு நடக்கும்போது, உங்களுக்கு ஆண்டுதோறும் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது என்னும்போது. அப்போதும் கடிதத்தில் மூன்று விஷயம் கேளுங்கள்: இந்தத் தொகை தனி டெபாசிட்டாக இருக்குமா, வட்டி எந்தக் காரியத்துக்கு, டிரஸ்ட் மூடப்பட்டால் முதல் யாரிடம் போகும். கடைசிக் கேள்விக்குப் பதில் டிரஸ்ட் பத்திரத்திலேயே ஒரு பிரிவாக இருக்கும், அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்கலாம்.

## மற்ற இரண்டு வழிகளும் வெளிநாட்டுப் பணமும்

நேரே கல்லூரியில் ஃபீஸ் கட்டுவதை நான் தாழ்வாக நினைக்கவில்லை. புதிய வரிமுறையில் இருக்கும் மகனுக்கு 80ஜியால் எந்த லாபமும் இல்லை என்பதால், தெரிந்த பெண்ணுக்குக் கல்லூரிக் கணக்கிலேயே கட்டிவிட்டு அங்கே ரசீது வாங்கிக்கொள்வது அவருக்குச் சுலபம். ஆனால் அடுத்த ஆண்டும் அந்தப் பெண் அவரையே எதிர்பார்ப்பாள் என்பதையும் யோசிக்க வேண்டும், டிரஸ்ட் இருந்தால் அந்தப் பொறுப்பு ஒருவர் தலையில் விழாது.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வரி. இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து கொடுப்பது வெளிநாட்டு நிதி ஆகாது. குடியுரிமை மாறிவிட்டால், ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நிதிதான். வெளிநாட்டு நிதி பெறும் பதிவு டிரஸ்டுக்கு இருக்க வேண்டும், பணமும் டெல்லியில் உள்ள எஸ்பிஐ முதன்மைக் கிளையில் அதற்கென்று வைத்திருக்கும் கணக்குக்குத்தான் போக வேண்டும். ஊரில் இருக்கும் தம்பி கணக்குக்கு அனுப்பி அவன் பெயரில் ரசீது போடுங்கள் என்று சொல்வது இரண்டு சட்டங்களில் ஒரே நேரத்தில் மாட்டிக்கொள்ளும் வழி.

## அந்தக் குடும்பம் என்ன செய்தது

மகள் கணக்கிலிருந்து, கடிதம் கைக்கு வந்த பிறகு, ஜூன் மாதம் பணம் போனது. மெயில் ரசீதில் நோக்கம் என்ற இடத்தில் 'மாணவியர் கட்டணம், கடிதத்தின்படி' என்று எழுதச் சொல்லி வாங்கிவிட்டார்கள். அக்டோபரில் வந்த கடிதத்தில் மூன்று பேருக்குத்தான் கட்டணம், மீதியில் அவர்களில் இருவருக்கு விடுதிக் கட்டணம் என்று இருந்தது. மாற்று ஏற்பாட்டு வரி இருந்ததால் யாரும் யாரையும் கேள்வி கேட்க வேண்டியிருக்கவில்லை.

இனி பாக்கி அடுத்த மே மாத வேலை மட்டும்தான். `Form 10BE` கைக்கு வந்ததும் பெயர், பான், தொகை மூன்றையும் பார்த்துவிட்டு அப்படியே மூடிவிடாமல் `Donation Type` என்ற இடத்தையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அங்கே `Corpus`, `Specific Grant`, `Others` போன்ற வகைகளில் ஒன்று இருக்கும். இந்தக் குடும்பத்துக்கு `Specific Grant` என்று வர வேண்டும். `Others` என்று வந்தால் கழிவுக்குப் பாதகமில்லை, கணக்கு பார்ப்பவர் எல்லாவற்றையும் ஒரே வகையில் போட்டுவிட்டார் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம், ஒரு மெயில் போட்டால் போதும். `Corpus` என்று வந்தால் கதை வேறு. ஃபீஸுக்கென்று ஒப்புக்கொண்டு கடிதம் கொடுத்துவிட்டு வரித்துறையிடம் மூலநிதி என்று காட்டியிருக்கிறார்கள் என்று பொருள். கடிதத்தின் நகலை இணைத்து, திருத்திய 10பிடி தாக்கல் செய்யும்படி எழுத்தில் கேட்க வேண்டும். ஐடிஆர் தாக்கலுக்கு ஜூலை 31 வரை நேரம் இருக்கிறது, அதனால் ஜூன் முதல் வாரத்திலேயே இதைப் பார்த்துவிட்டால் திருத்தி வாங்க அவகாசம் இருக்கும்.